தினசரி விளம்பரம் ஆயிரம் ரூபாயா, இரண்டாயிரமா? ஒரு சுங்குடிக் கடையின் கணக்கு

வில்லாபுரத்தில் என் மதினி வீட்டு மாடியில் சுங்குடிச் சேலை வியாபாரம் நடக்கிறது. சொந்தமாக ஒரு வெப்சைட், இன்ஸ்டாகிராமில் தினம் ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம். போன மாதம் கணக்கு நோட்டோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, ஆயிரம் போட்டா ஐயாயிரம் வருது. ரெண்டாயிரம் போட்டா பத்தாயிரம் வரும்ல? சித்திரை வருது, இப்பவே ஏத்திரவா?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு தப்புகள் இருக்கின்றன. ஐயாயிரம் வருகிறது என்பதாலேயே லாபம் வருகிறது என்று நினைப்பது ஒன்று. இரண்டாவது ஆயிரமும் முதல் ஆயிரம் மாதிரியே வேலை செய்யும் என்று நினைப்பது இன்னொன்று. இரண்டில் எதைத் திருத்தாவிட்டாலும் பணம் போய்விடும்.

அவர் முன்னால் இருந்த வழிகள் மூன்று. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தையே இரண்டாயிரமாக ஏற்றலாம். அதை ஆயிரத்திலேயே விட்டுவிட்டு, அடுத்த ஆயிரத்தைக் கூகுள் தேடலில் போடலாம். விளம்பரத்தைத் தொடாமல், வருகிற ஒவ்வொரு ஆர்டரிலும் நிற்கிற காசை முதலில் கூட்டலாம். மூன்றாவது வழியை யாரும் விளம்பரச் செலவோடு சேர்த்துப் பேசுவதில்லை. ஆனால் முதல் இரண்டும் தாங்குமா தாங்காதா என்பதை முடிவு செய்வதே அதுதான். வழிகளை ஒப்பிடும் முன் ஓர் ஆர்டருக்கு எவ்வளவு விளம்பரச் செலவு தாங்கும் என்று தெரிய வேண்டும். அங்கிருந்து ஆரம்பித்தோம்.

மதினியின் நோட்டில் இருந்த கணக்கு இது: சேலை விலை 1,050 ரூபாய். கொள்முதல் 520, கூரியர் 75, கவரும் அட்டையும் 25. மீதி 430. ஆக, ஓர் ஆர்டரைப் பிடிக்க விளம்பரத்துக்கு 430 ரூபாய் வரை போனாலும் நஷ்டமில்லை. விளம்பரத் திரையில் Purchase ROAS என்று ஒரு எண் வரும். ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு எத்தனை ரூபாய் விற்பனை என்று அது சொல்கிறது. 1,050-ஐ 430-ஆல் வகுத்தால் 2.44, அதுவரை இறங்கினாலும் நஷ்டமில்லை. அவருக்கு வந்துகொண்டிருந்ததோ 5.25. இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே, ஏன் யோசிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

இந்த நோட்டுக் கணக்கு, போய்ச் சேர்ந்து பணம் கையில் வந்த ஓர் ஆர்டரின் கணக்கு. திரை எண்ணுவது போட்ட ஆர்டர்களை. ஒருவர் பார்சல் வந்ததும் பணம் தரும் சிஓடியில் ஆர்டர் போட்ட நிமிடமே திரையில் விற்பனை ஏறிவிடும். அவர் நான்கு நாள் கழித்துக் கூரியர் பையனிடம் "வேண்டாம்" என்று சொன்னாலும் திரையில் அது இறங்காது. கூரியர்காரர்கள் இப்படித் திரும்பும் பார்சலை ஆர்டிஓ என்பார்கள். முதல் தடவை கேட்டபோது மதினி வண்டி லைசன்ஸ் சமாச்சாரம் என்று நினைத்தாராம்.

அதனால் ஒரு சேலைக்குக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, போட்ட 100 ஆர்டருக்கு மொத்தமாகப் போட்டோம். கடந்த மூன்று மாத நோட்டைப் புரட்டியதில், நூற்றில் 40 பேர் முன்பே பணம் கட்டுகிறார்கள், 60 பேர் சிஓடி. அந்த அறுபதில் 15 திரும்பி வருகிறது. போய்ச் சேர்வது 85. விற்பனை விலை 1,050-இல் 50 ரூபாய் ஜிஎஸ்டி. அது நம் காசே இல்லை, ஆகவே ஒரு சேலைக்கு 1,000 என்றே வைத்துக்கொண்டோம்.

```
வரவு: 85 × 1,000               = 85,000
சேலை கொள்முதல்: 85 × 520       = 44,200
கவர், அட்டை: 100 × 25           =  2,500
அனுப்பும் கூரியர்: 100 × 75      =  7,500
சிஓடி கட்டணம்: 45 × 40          =  1,800
ஆன்லைன் பணக் கட்டணம் 2%: 40     =    840
திரும்பும் கூரியர்: 15 × 75       =  1,125
மறு இஸ்திரி, புது கவர்: 15 × 40   =    600
மீதி                            = 26,435
```

நூறால் வகுத்தால் ஓர் ஆர்டருக்கு 264 ரூபாய். 430 இல்லை. விளம்பரச் செலவு இந்த 264-ஐத் தொட்டால் அந்த ஆர்டரில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. இன்ஸ்டாகிராம் திரையில் தெரியும் செலவில் ஜிஎஸ்டி சேராது. 1,000 ரூபாய் விளம்பரத்துக்குக் கையிலிருந்து போவது 1,180. "அந்த 180-ஐத்தான் ஆடிட்டர் திருப்பி எடுத்துருவாரே" என்றார் மதினி. சேலைக்கு வரி 5 சதவீதம்தான். கூரியர், விளம்பரம் எல்லாம் 18 சதவீதம். நாம் கட்டிய வரியை, நாம் வசூலித்த வரியிலிருந்துதான் கழிக்க முடியும். நூறு ஆர்டரில் நாம் வசூலித்த வரி 4,250. சேலை கொள்முதலுக்கும் கூரியருக்கும் அட்டைக்கும் ஆன்லைன் பணக் கட்டணத்துக்கும் ஏற்கெனவே கட்டியதைக் கூட்டினாலே அதைத் தாண்டுகிறது. விளம்பரத்துக்குக் கட்டிய வரியைக் கழிக்க இடமே இல்லை. அது கிரெடிட் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. இப்படித் தேங்கினால் சேவைகளுக்குக் கட்டிய பங்கை ரீஃபண்டாக வாங்க முடியாது. அந்த விதி சரிதான் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக இந்தக் கடையைப் பொறுத்தவரை அந்த 18 சதவீதம் செலவுதான். எல்லாக் கடைக்கும் இப்படி இருக்காது. 18 சதவீதப் பொருள் விற்பவருக்கு அந்த வரி முழுக்கக் கழிந்துவிடும். ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கிரெடிட் மாதா மாதம் தீர்கிறதா, தேங்குகிறதா?

264-ஐ 1.18-ஆல் வகுத்தால் 224. திரையில் ஓர் ஆர்டருக்கு ஆன செலவைக் காட்டும் Cost per result என்ற எண் 224-ஐத் தாண்டக்கூடாது. ROAS-ஆகச் சொன்னால் 1,050-ஐ 224-ஆல் வகுத்து, 4.69. மதினி 2.44-க்கு மேல் எல்லாம் லாபம் என்று நினைத்திருந்தார். அவருடைய 5.25 எல்லைக்கோட்டுக்கு ஒரு முழத் தூரத்தில்தான் நிற்கிறது. தினம் ஐந்து ஆர்டர், 1,320 ரூபாய் மீதி, அதில் விளம்பரத்துக்கு 1,180 போக நிற்பது 140. மாடி வாடகை கிடையாது, பேக்கிங் பார்க்கிற பெண்ணுக்குச் சம்பளம் உண்டு. அது இந்த 140-இலிருந்துதான் போக வேண்டும். இதைக் கேட்டதும் மதினி கொஞ்ச நேரம் பேசவில்லை.

இனி முதல் வழி. நல்லவேளையாக, தையில் பொங்கல் முடிந்த பிறகு அவரே ஒரு சோதனை செய்திருந்தார், சோதனை என்று தெரியாமலே. 14 நாள் தினம் 1,000, அடுத்த 14 நாள் தினம் 1,500. ஆர்டர் நோட்டை எடுத்து எண்ணினோம். பழைய வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் சொன்னதை விட்டுவிட்டு வெப்சைட்டில் வந்தவை மட்டும். முதல் பாதியில் 70, இரண்டாம் பாதியில் 95. திரையை நம்பாமல் நோட்டை எண்ணியதற்குக் காரணம் உண்டு. விளம்பரத்தைத் தொட்டு ஏழு நாளுக்குள் வாங்கினாலும், தொடாமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் இன்ஸ்டாகிராம் அந்த விற்பனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். எப்படியும் வாங்க வந்தவரும் அதில் சேர்ந்துவிடுவார்.

1,500 போட்ட நாட்களில் ROAS 4.75. எல்லைக்கோடு 4.69. மேலே பார்த்தால் தேறிவிட்டது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கூடுதலாகப் போட்ட 7,000 ரூபாய் கூடுதலாக எத்தனை ஆர்டர் கொண்டுவந்தது? 25. ஒன்றுக்கு 280 ரூபாய். தாங்குவது 224. பழைய ஆயிரத்தின் நல்ல எண்ணோடு கலந்து சராசரியாகத் தெரிந்ததால்தான் புது ஐந்நூறின் நஷ்டம் கண்ணில் படவில்லை. பதினான்கு நாள் மீதியைப் போட்டுப் பார்த்தால் படும்: 70 ஆர்டரில் 18,480 மீதி, விளம்பரத்துக்கு வரியோடு 16,520, நிற்பது 1,960. 95 ஆர்டரில் 25,080 மீதி, விளம்பரத்துக்கு 24,780, நிற்பது 300. சேலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கிறது, கையில் நின்றது ஆறில் ஒன்றுக்கும் கீழ். அந்த இரண்டு வாரம் பேக்கிங்குக்கு ஆள் பற்றாமல் ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்திருந்தார்கள்.

ஏன் இப்படி என்பதில் பெரிய மர்மம் இல்லை. சுங்குடி கட்டுகிற, ஆன்லைனில் வாங்குகிற, இப்போது வாங்கும் நினைப்பில் இருக்கிற ஆட்களை விளம்பரம் முதலில் தேடிப் பிடித்துவிடும். பணத்தை ஏற்றினால் அடுத்த வட்டத்துக்குப் போகும். அவர்களில் வேடிக்கை பார்ப்பவர்கள் அதிகம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் 50 விற்பனை அளவு வந்தால்தான் யாருக்குக் காட்டுவது என்று அது ஒழுங்காகப் பழகும். மதினிக்கு வாரம் 35. அதனால் திரையில் Learning limited என்று நிற்கிறது. அந்த நிலையில் ஒரே நாளில் ஆயிரத்தை இரண்டாயிரமாக்கினால் பழகின கொஞ்சமும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். 1,500-க்கே கூடுதல் ஆர்டர் 280 என்றால், அடுத்த ஐந்நூறு அதைவிட மலிவாக வர வழியில்லை. ஆக முதல் வழி, இன்றைய எண்ணில், கிடையாது.

இரண்டாவது வழிக்கும் ஒரு சின்னச் சோதனை செய்தோம். கூகுளில் சுங்குடி என்று தேடுகிறவர் ஏற்கெனவே வாங்க நினைப்பவர். இன்ஸ்டாகிராமில் ஆட்டுக்குட்டி வீடியோவுக்கு நடுவே சேலையைப் பார்த்தவர் மாதிரி இல்லை. அதனால் எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகமாக இருந்தது. தினம் ஆயிரம் வைத்தோம், 350-க்கு மேல் செலவாகவே இல்லை. அவ்வளவு பேர்தான் தேடுகிறார்கள். பொதுவாகக் காட்டன் சேலை என்று தேடுபவர்களுக்கும் காட்டச் சொன்னால் செலவாகும், ஆனால் அங்கே பெரிய கடைகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பன்னிரண்டு நாளில் 4,200 ரூபாய், 22 ஆர்டர். ஒன்றுக்கு 191. முதல் வழியை விட எவ்வளவோ மேல் என்று நான் குதித்தது உண்மை. அப்புறம் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். 22-இல் 9 பேர் மதினியின் கடைப் பெயரையே அடித்துத் தேடியவர்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் அடுத்த வரியில் இருக்கும் நம் வெப்சைட்டைத் தொட்டிருப்பார்கள். அவர்களுக்கு ஆன செலவு வெறும் 400. மீதி 3,800-க்கு வந்த புது ஆட்கள் 13 பேர், ஒருவருக்கு 292.

ஆனால் இதை வைத்துக் கூகுளை ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பதின்மூன்றில் ஒன்பது பேர் முன்பே பணம் கட்டியவர்கள். முன்பணம் கூடினால் ரிட்டன் குறையும், ரிட்டன் குறைந்தால் 264 என்ற எண்ணே அவர்களுக்கு வேறு. எல்லைச் செலவு கடைக்கு ஒன்று என்று வைக்கக்கூடாது, எந்த வழியில் வந்த ஆர்டரோ அதற்கு ஒன்று போட வேண்டும். அதைப் போட 13 ஆர்டர் போதாது. இரண்டு பேர் மனம் மாறினாலே எண் தலைகீழாகிவிடும். கடைப் பெயரைத் தேடுபவர்களுக்கு விளம்பரம் காட்டாதபடி அதை விலக்கும் சொற்களில் சேர்த்துவிட்டு, தினம் 200-க்கு மேல் போகாமல், நூறு ஆர்டர் சேரும்வரை ஓடட்டும் என்று விட்டிருக்கிறோம். ஆயிரம் ரூபாயைக் கொட்ட அங்கே இடமில்லை என்பது மட்டும் உறுதி.

மூன்றாவது வழி மாசியில் ஆரம்பித்தது. முன்பணத்துக்கு 50 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் சிஓடி குறையும், ரிட்டன் குறையும் என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. காகிதத்தில் போட்டுப் பார்த்ததில் பெரிய பலன் தெரியவில்லை. ஏற்கெனவே முன்பணம் கட்டும் 40 பேருக்கும் அந்த ஐம்பதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ரிட்டனில் மிச்சமாவதில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடுகிறது. விட்டுவிட்டோம்.

அதற்குப் பதிலாக சிஓடி ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் பார்சல் கட்டும் முன் ஒரு போன். "அக்கா, அரக்கு கலர், மஞ்சப் புள்ளி, நாளைக்கு அனுப்புறோம், வியாழன் வீட்டுல இருப்பீங்களா?" அவ்வளவுதான். நூறு ஆர்டரில் எட்டுப் பேர் போனிலேயே வேண்டாம் என்கிறார்கள், அல்லது மூன்று தடவை கூப்பிட்டும் எடுப்பதில்லை. அவை அனுப்பப்படுவதில்லை. திரும்பி வருவது 15-இலிருந்து 7 ஆனது. ஒவ்வொரு ரிட்டனுக்கும் அட்டை 25, போக 75, வர 75, இஸ்திரி 40, ஆக 215 மிச்சம். எட்டுக்கு 1,720. ஓர் ஆர்டருக்கு 17 ரூபாய் கூடியது.

அடுத்தது ஜோடிச் சேலை. இரண்டு எடுத்தால் 1,995. இரண்டாவது சேலை 945-க்குப் போகிறது, வரி போக 900. கொள்முதல் 520, எடை கூடுவதால் கூரியருக்கு 35, கவர் 10. மீதி 335. இதில் விளம்பரச் செலவு எதுவும் இல்லை, ஆள் ஏற்கெனவே வந்தாயிற்று. நூற்றுக்கு 20 பேர் ஜோடியாக எடுத்தார்கள். அதில் மூன்று திரும்பியதாக வைத்து அதன் செலவையும் கழித்தால், நூறு ஆர்டருக்கு 5,335, ஓர் ஆர்டருக்கு 53 ரூபாய். ஐம்பது ரூபாய் தள்ளுபடி கொடுத்து ஆளை மாற்றப் பார்ப்பதை விட, வந்த ஆளுக்கு இன்னொரு சேலையைக் காட்டுவது எத்தனையோ மேல் என்பது என் கட்சி.

264, 17, 53. மொத்தம் 334. வரிக்காக 1.18-ஆல் வகுத்தால் எல்லைச் செலவு 224-இலிருந்து 283 ஆகிவிட்டது. தினம் 1,000 விளம்பரத்திலேயே பதினான்கு நாளில் நிற்கும் காசு 1,960-இலிருந்து 6,860. விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் கூட்டவில்லை.

இப்போது முதல் வழிக்குத் திரும்பலாம், ஏனென்றால் 280 ரூபாய்க்கு வந்த அந்தக் கூடுதல் ஆர்டர்கள் 283-க்கு உள்ளே வந்துவிட்டன. மதினி உடனே, "அப்ப ஏத்திரலாம்ல?" என்றார். 1,500-க்குப் போட்டுக் காட்டினேன். 95 ஆர்டர், மீதி 31,730, விளம்பரம் 24,780, நிற்பது 6,950. கூடுதலாக 7,000 ரூபாய் விளம்பரம், அதற்கு வரி, 25 பார்சல், 25 போன். கூடுதல் லாபம் 90 ரூபாய்.

"தொண்ணூறு ரூவாய்க்கு ராத்திரி பதினோரு மணியா?" என்றார்.

ஆகவே இரண்டாயிரமும் இல்லை, ஆயிரத்தைந்நூறும் இல்லை. பங்குனி முதல் தேதியிலிருந்து 1,200. கூடுதலின் முதல் பகுதி எப்போதும் கடைசிப் பகுதியை விட மலிவு. 280 என்பது ஐந்நூறின் சராசரி, முதல் இருநூறு அதற்குக் கீழே வரக்கூடும். வெயில் ஏற ஏறக் காட்டன் சேலைக்குக் கேட்பு கூடும், அப்போது எண்கள் இதைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் தையில் எடுத்த எண்ணை வைத்துச் சித்திரைக்கு முடிவெடுப்பதும், சித்திரையில் எடுத்ததை வைத்து ஆடிக்கு எடுப்பதும் ஒரே தப்பு. புது எண் வர வேண்டும்.

அது உடனே வராது. சிஓடி பார்சல் போய், வேண்டாம் என்று சொல்லப்பட்டு, திரும்பி மாடிக்கு வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. பங்குனி 14-ஆம் தேதி வரைக்குமான ஆர்டர்களின் உண்மையான கணக்கு பங்குனிக் கடைசியில்தான் தெரியும். விளம்பரத்தின் புது வட்டத்தில் பிடிபட்டவர்கள் பழையவர்களை விட அதிகம் திருப்பி அனுப்புகிறார்களா என்பதும் அப்போதுதான் தெரியும். அப்படி இருந்தால் 283 என்பதே இறங்கிவிடும். நோட்டில் கூடுதல் ஆர்டர்களுக்குத் தனிப் பக்கம் போட்டாயிற்று. அந்தப் பக்கம் நிறையும்வரை மதினியின் போனில் விளம்பர ஆப் இருக்காது, அவரே அழித்துவிட்டார். பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது.